குக்கரில் இறக்கிய சாராயமில்லா ஜின்

ஒரு குவார்ட்டர் ஜின்னை அகலமான எவர்சில்வர் சட்டியில் ஊற்றி, கொல்லையில் காற்றோட்டமான இடத்தில் இன்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சூடாக்கினேன். ஆல்கஹால் மட்டும் ஆவியாகிப் போய்விடும், மணம் சட்டியிலேயே தங்கிவிடும் என்பது என் கணக்கு. 180 மில்லி 60 மில்லியாகச் சுண்டியதும் இறக்கி ஆறவிட்டுக் குடித்துப் பார்த்தேன். நனைந்த பலகையை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஜின் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். நம்மூர் ஜின்னில் 42.8 சதவீதம் ஆல்கஹால். நம் வெயிலில் சூடாக்காமலே பற்றிக்கொள்ளும் ஆவி அது. கேஸ் அடுப்பு பக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி போயிருக்கும்.

நான் ஒன்பது வருஷம் வளைகுடா நாட்டு ஓட்டல் ஒன்றின் பாரில் வேலை பார்த்தவன். இப்போது தங்கச்சிமடம் பக்கம் நாலு அறை வைத்து, கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தருகிறேன். மத்தியானம் முழுக்கக் காற்றில் கிடந்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் கேட்பது ஒன்றைத்தான்: இனிப்பில்லாத, கசப்பான, பெரியவர்கள் குடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? ஆனால் ஆல்கஹால் வேண்டாம், காலையில் மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும். நன்னாரியும் லெமன் சோடாவும் எத்தனை நாள் கொடுப்பது?

சட்டியில் தோற்றதற்குக் காரணம் அன்று ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது. ஜின்னில் ஆல்கஹாலும் தண்ணீரும் போக இருப்பது துளி வாசனை எண்ணெய் மட்டும்தான். அந்த எண்ணெய் ஆல்கஹாலோடு ஒட்டிக்கொண்டு, அது கிளம்பும்போது கூடவே கிளம்பிவிடும். மிச்சம் தண்ணீர். பீர் அப்படியில்லை. ஆல்கஹாலை எடுத்துவிட்டாலும் மால்ட்டின் புளிக்காத சர்க்கரை, புரதம், ஹாப்ஸின் கசப்பு எல்லாம் கிளாஸிலேயே நிற்கும். ஆல்கஹால் இல்லாத பீர் ஓரளவுக்குப் பீர் மாதிரியே இருப்பதும், ஆல்கஹால் இல்லாத ஜின் என்று விற்பதில் பாதி வாசனைத் தண்ணீராக இருப்பதும் இதனால்தான்.

பீர்க்காரர்கள் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். முழுசாகப் புளிக்கவைத்த பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரிப்பது ஒன்று. காற்றழுத்தத்தைக் குறைத்து, நாற்பது டிகிரி வாக்கிலேயே கொதிக்கவிடுவார்கள், இல்லையென்றால் மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிப்பார்கள். இன்னொன்று, ஆல்கஹால் உண்டாகவே விடாமல் ஈஸ்ட்டைக் கட்டிப்போடுவது: மால்ட் சாற்றை உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்து ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள், அல்லது மால்ட் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்ட்டைப் போடுவார்கள். முதல் வகையில் பழவாசனை ஆல்கஹாலோடு பறந்து, பீர் மெலிந்து தட்டையாகிவிடும். இரண்டாவதில் ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மால்ட் வாசனையும் தித்திப்பும் தூக்கலாக நிற்கும். வளர்ந்த ஈஸ்ட் அந்த மால்ட் வாசனையைத் தின்று அடக்கியிருக்கும். இங்கே அதற்கு நேரம் கொடுக்கவில்லை. வளைகுடாவில் விற்கிற மால்ட் பானங்கள் பலவற்றில் புளிக்கவைப்பதே கிடையாது.

நம் பக்கத்தில் இந்த இரண்டாவது வழி பனைமரத்தில் தினமும் நடக்கிறது. என் சித்தப்பா மரம் ஏறியவர். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். தடவ மறந்தால் அதே பாளையிலிருந்து அதே சாறு கள்ளாக இறங்கும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது, அவ்வளவுதான் வித்தியாசம். சாயல்குடிப் பக்கம் பனைக்காரர்களிடம் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆனால் எனக்கு வேண்டியது பீர் இல்லை, டானிக் தண்ணீரோடு கலக்க ஒரு ஜின். அதிலும் ஒரு நிபந்தனை வந்து விழுந்தது. கீழக்கரையில் எனக்குப் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ செஞ்சு முடி, நானும் குடிச்சுப் பாக்குறேன் தம்பி. ஆனா நடுவுல ஒரு சொட்டு சாராயம் பட்டிருந்தாலும் எனக்கு வேணாம். அப்புறமா எடுத்துட்டேன்னெல்லாம் சொல்லக்கூடாது."

இது சாதாரண நிபந்தனை இல்லை. 2015ல் லண்டனில் விற்பனைக்கு வந்து இந்த வகையையே பிரபலமாக்கிய சீட்லிப் முதற்கொண்டு, பேர்பெற்ற பல பாட்டில்களில் மூலிகைகளை முதலில் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, வடித்து, பிறகுதான் ஆல்கஹாலை நீக்குகிறார்கள். வாசனை எண்ணெய் ஆல்கஹாலில்தான் சுலபமாகக் கரையும், அதனால் அந்த வழி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது மதுபானம். சட்டத்துக்கு அது போதும், சிநேகிதருக்குப் போதாது. தவிர, ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினால் நான் போய்ச் சேரும் இடமே வேறு. ஆக, வெறும் தண்ணீரில் வடிப்பது ஒன்றுதான் வழி.

அதற்கு நம்மிடம் பேரே இருக்கிறது: தீநீர். சித்த வைத்தியத்தில் வாலை என்கிற வடிகலத்தில் வைத்து இறக்குவது. குழந்தைக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற ஓமத் தண்ணீரும், கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீரும் இந்தக் குடும்பம்தான். ஜின்னுக்கு மணம் தருகிற ஜூனிப்பர் காயைப் போட்டு ஒரு தீநீர் இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

வாலைக்கு வீட்டில் கிடந்த ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் குழாயில் உணவுக்கான சிலிக்கான் டியூபை இறுக்கமாகச் செருகினேன். டியூபின் மறுமுனையில் ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய கால் இஞ்ச் செம்புக் குழாய், ஆறு சுற்றுச் சுருளாக, இருபது லிட்டர் பெயின்ட் வாளிக்குள். வாளியின் அடியில் ஓட்டை போட்டுக் குழாயின் நுனியை வெளியே எடுத்து, எம்சீல் வைத்து அடைத்தேன். செம்புக்குள் முதலில் எலுமிச்சைச் சாறும் உப்பும் ஊற்றிக் கழுவி, மூலிகை இல்லாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை வடித்துக் கொட்டினேன். வடிகிற நீரில் பச்சை ஏறினால் அந்தச் சுருளை விட்டுவிட வேண்டும். குக்கரின் பாதுகாப்பு வால்வை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. மூலிகைத் தூள் ஒன்று பறந்து ஆவிக்குழாயை அடைத்தால் குக்கர் வெடிகுண்டுதான். அதனால் மூலிகைகளைத் தண்ணீருக்குள் போடாமல், இட்லித் தட்டில் துணி விரித்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தேன். அடுப்பை அணைக்கும்வரை நகரவும் இல்லை.

குக்கரும் குழாயும் வாளியுமாகக் கொல்லையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "என்ன மாப்ள, ஊறல் போட்டாச்சா?" வடிந்ததில் ஒரு டம்ளர் குடிக்கக் கொடுத்த பிறகுதான் நம்பினார். நம்பியதோடு ஏமாற்றமும் அடைந்தார்.

முதல் தடவை போட்டது: ஜூனிப்பர் காய் 30 கிராம், தட்டியது. இது நம்மூர்க் கடையில் கிடைக்கவில்லை, இணையத்தில் வாங்கினேன். கொத்தமல்லி விதை 15 கிராம், எலுமிச்சைத் தோல் 10 கிராம், ஏலக்காய் மூன்று, வெட்டிவேர் ஒரு சின்னப் பிடி. கீழே தண்ணீர் ஒன்றரை லிட்டர். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வடித்தால் உப்பு குக்கரிலேயே தங்கிவிடும் என்றாலும் அடியில் காரை பிடிக்கும், அதனால் கேன் தண்ணீரே ஊற்றினேன்.

அடுப்பு சிம்மில். பத்து நிமிஷத்தில் சொட்ட ஆரம்பித்தது. அரை மணி நேரம் போனதும் வீட்டுக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "என்னங்க, வீடே மணக்குது!" நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. அடுப்படி மணந்தால் பாட்டில் மணக்காது. வாளித் தண்ணீர் சூடேறி, ஆவி குளிராமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரின் ஆவி மறுபடி தண்ணீராகும்போது சுமார் 2,260 கிலோஜூல் சூட்டை வெளியே விடும். அரை லிட்டருக்கு 1,130. வந்த கொதிநீரும் ஆற வேண்டும், அதற்கு இன்னொரு 140. இருபது லிட்டர் வாளித் தண்ணீர் இதை வாங்கிக்கொண்டால் பதினைந்து டிகிரி ஏறும். சித்திரை மாசத்தில் எங்கள் தொட்டித் தண்ணீரே 31 டிகிரி. அது 46க்குப் போனால் சட்டென்று ஆவியாகிற மணம் எங்கே நிற்கும்? வழி பக்கத்திலேயே இருந்தது. மீனுக்குப் போடுகிற ஐஸ். நாலு கிலோ ஐஸ் உருகினால் இந்தச் சூடு மொத்தத்தையும் விழுங்கிவிடும். பாம்பனிலிருந்து ஐந்து கிலோ வாங்கி வாளிக்குள் போட்டேன். ஐஸில் மீன் வாடை இருந்தாலும் கவலையில்லை, அது குழாய்க்கு வெளியேதானே இருக்கிறது. அடுத்த தடவை வீடு மணக்கவில்லை. கையால் தொட்டால் வடிநீர் ஜில்லென்று இருந்தது.

வடிநீரை ஒரே பாத்திரத்தில் பிடிக்காமல், நூறு நூறு மில்லியாக ஆறு டம்ளரில் பிடித்து வரிசையாக வைத்தேன். இந்தச் சோதனையில் நான் கற்றது முழுக்க அந்த ஆறு டம்ளரில்தான் இருந்தது. முதல் டம்ளர் கலங்கலாக, மேலே எண்ணெய்ப் படலம் மின்ன, எலுமிச்சையும் பைன் மரமும் கலந்து மூக்கில் ஏறியது. இரண்டிலும் மூன்றிலும் கொத்தமல்லி, ஏலம், பூவாசம். நாலாவது அமைதி. ஐந்தாவதில் அவித்த கீரை எட்டிப்பார்த்தது. ஆறாவது கஷாயம். ஐந்தையும் ஆறையும் கொட்டிவிட்டேன். வெட்டிவேர் எந்த டம்ளரிலும் இல்லை. அதன் எண்ணெய் கனமானது. பெரிய வாலையில் வைத்து நாள் முழுக்க ஆவி விட்டால்தான் இறங்கும். என் ஒரு மணி நேரக் குக்கருக்கு அது அசையவே இல்லை. அடுத்த முறை வெட்டிவேரை விட்டுவிட்டேன்.

நாலு டம்ளரையும் ஒன்றாகக் கலந்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மேலே எண்ணெய் மெல்லிய தோல் மாதிரி மிதந்தது. குலுக்கினால் சுண்ணாம்புத் தண்ணீராகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரிந்தது. படலத்தோடு குடித்தால் நாக்கில் டர்பன்டைன் தடவியது போல் எரிந்தது. எண்ணெயைப் பிரித்தே ஆக வேண்டும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி, அடியிலிருந்து தெளிவான நீரை உறிஞ்சி எடுத்தேன். மிச்சத்தை, முதலில் வெறும் தண்ணீரில் நனைத்த காபி ஃபில்டர் தாளில் வடித்தேன். நனைந்த தாள் தண்ணீரை விடும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தாளாக வைத்தால் எண்ணெயும் சேர்ந்து இறங்கிவிடும்.

தெளிந்ததைக் குடித்துப் பார்த்தால் ஜூனிப்பர் காணோம். போட்டதில் பாதியளவு ஜூனிப்பர், வாயில் வருவது கொத்தமல்லி! இதற்கும் காரணம் எண்ணெயில்தான். ஜூனிப்பரின் பைன் வாசத்துக்கு முக்கியக் காரணம் பைனீன் என்கிற பொருள். எலுமிச்சைத் தோலில் லிமோனீன். இரண்டுமே தண்ணீரில் கரைவது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். கொத்தமல்லி விதையின் மணம் லினலூல். அது லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரையும். நாற்பது சதவீத ஆல்கஹால் என்றால் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும், அங்கே ஜூனிப்பர் தலைவனாக நிற்கும். தண்ணீரில் கொத்தமல்லிதான் ராஜா, ஜூனிப்பர் மேலே மிதக்கிற படலத்தோடு வெளியே போய்விடுகிறது. கடையில் வாங்கும் ஜின் செய்முறையின் அளவுகளை அப்படியே தண்ணீருக்குக் கொண்டுவந்தது என் தப்பு.

அடுத்த தடவை கொத்தமல்லியை 15 கிராமிலிருந்து 4 கிராமாக இறக்கினேன். ஜூனிப்பர் 60 கிராம். ஜூனிப்பரிலும் தண்ணீரில் கரைகிற மணப் பொருள்கள் கொஞ்சம் உண்டு, அவை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. வடித்து முடித்ததும் குக்கரில் ஆவியில் வெந்திருந்த ஜூனிப்பரில் பத்துக் காயை எடுத்து, வடித்த நீரிலேயே ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். லேசான கசப்பும் பிசின் வாசமும் இறங்கின, கூடவே ஒரு துளி மஞ்சள் நிறமும். பளிங்கு மாதிரி இருக்க வேண்டும் என்று பார்த்தால் இதைச் செய்யக் கூடாது. எனக்கு ருசி போதும்.

அடுத்தது காரம். மணம் வந்தபிறகும் அது குடிக்கிற மருந்தாகத்தான் இருந்தது, மதுவாக இல்லை. ஆல்கஹால் தொண்டையில் இறங்கும்போது சுடுவது நிஜச் சூடு இல்லை. சூட்டை உணர்கிற நரம்பு வழக்கமாக 42 டிகிரி வாக்கில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அது 34லேயே விழித்து, நம் உடம்புச் சூட்டையே எரிச்சல் என்று சொல்லிவிடும். மிளகாய் எழுப்புவதும் அதே நரம்பைத்தான். அப்படியானால் வேலை சுலபம் என்று நினைத்தேன்.

இருக்கிறதே நம்மூர் முண்டு மிளகாய், 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரத்துக்காரர். விதை நீக்கிய ஒரு மிளகாயை 200 மில்லி வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு மூடி சேர்த்தேன். காரம் வந்தது, ஆனால் வருகிற நேரம் தப்பு. ஆல்கஹால் எரிச்சல் முழுங்கும்போதே வந்து, சட்டென்று போய்விடும். மிளகாய் மெதுவாக வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். மிளகு போட்டால் ரசம். சுக்கு போட்டால் சுக்குமல்லிக் காபி, அதுவும் ஏற்கெனவே கொத்தமல்லி இருக்கிற பாட்டிலில்!

நாட்டு மருந்துக் கடையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கரகாரம் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் பல்வலிக்கு அம்மா ஒரு துண்டு கொடுத்து அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். நாக்கு ஊசி குத்துவதுபோல் சுரீர் என்று, எச்சில் ஊறி, பிறகு மரத்துப்போகும். அந்த முதல் சுரீர்தான் எனக்கு வேண்டும், மரப்பு வேண்டாம். ஒரு கிராம் வேரைத் தட்டி 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். மிளகாய்த் தண்ணீர் இரண்டு டீஸ்பூன். மணம் தெரியாத அளவுக்கு இஞ்சி ஊறிய நீர் ஒரு டீஸ்பூன். அக்கரகாரம் முன்னால் சுரீரென்று வரும், இஞ்சி நடுவில், மிளகாய் கடைசியில் மெல்ல. மூன்றும் சேர்ந்து ஆல்கஹாலின் ஒரு எரிச்சலை நடிக்கின்றன. நடிப்பு என்பது தெரியும், ஆனால் பார்க்கலாம். அக்கரகாரத்தை இரண்டு டீஸ்பூனாக்கிய அன்று எனக்கு அரை மணி நேரம் உதடு மரத்துக் கிடந்தது. கர்ப்பிணிகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

காரத்துக்கு அடுத்து கனம். நாற்பது சதவீத ஸ்பிரிட் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. கிளாஸைச் சுழற்றினால் சுவரில் மெதுவாக வழிகிறதே, அந்தத் தடிப்பு நாக்குக்கும் தெரியும். அது இல்லாவிட்டால் எவ்வளவு மணம் இருந்தாலும் வாய் "தண்ணி" என்றுதான் சொல்லும். கேக் செய்கிற கடைகளில் கிடைக்கும் சாந்தன் கம் அரை லிட்டருக்கு 0.1 கிராம் போதும். அதைச் சின்னத் தராசில் நிறுப்பது கஷ்டம். ஒரு கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 10 மில்லி எடுத்தால் சரியாக வரும். நேராகத் தண்ணீரில் கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டிகட்டியாக நிற்கும், எத்தனை கலக்கினாலும் கரையாது. முதலில் ஒரு ஸ்பூன் உணவுக்கான கிளிசரினில் குழைத்துக்கொண்டு, பிறகு தண்ணீரை ஊற்ற வேண்டும். கிளிசரின் கொஞ்சம் தித்திப்பும் தரும், ஆல்கஹாலிலும் அப்படியொரு லேசான தித்திப்பு உண்டு. ஆர்வக்கோளாறில் அந்தக் கம் கரைசலை 20 மில்லி ஊற்றிய பாட்டில் வடிகஞ்சி மாதிரி வழுவழுவென்று போய்விட்டது.

இத்தனையும் செய்து பாட்டிலில் அடைத்து, அலமாரியில் அழகாக வைத்தேன். ஒன்பதாம் நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே பஞ்சு இழை மாதிரி வெள்ளையாக ஒன்று மிதந்தது. திறந்தால் ஈரச் சாக்கு வாடை. பூசணம். ஜின் பாட்டிலைப் பத்து வருஷம் அலமாரியில் வைக்கலாம், ஆல்கஹாலே அதற்குக் காவல். நான் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டிருந்தேன். அதுவும் நம் கடற்கரைப் புழுக்கத்தில்! வடித்த நீர் கொதித்து வந்ததுதான், சுத்தமானதுதான். ஆனால் பிறகு நான் சேர்த்த மிளகாய்த் தண்ணீர், வேர்த் தண்ணீர், சிரிஞ்ச், தாள் எல்லாவற்றிலும் கிருமி உண்டு, தின்னக் கிளிசரினும் கம்மும் உண்டு.

அதற்கடுத்த தடவையில் இதைச் சரிசெய்தேன். சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, பிஎச் தாளில் 3.5 காட்டும்வரை கொண்டுவந்தேன். பொட்டாசியம் சார்பேட் அரை லிட்டருக்கு 0.1 கிராம். இது புளிப்பான நீரில்தான் வேலை செய்யும், அமிலம் இல்லாமல் இதை மட்டும் போட்டுப் பயனில்லை. ஊறவைக்கும் தண்ணீர்கள் எல்லாம் கொதிக்கவைத்தவை, பாட்டிலை வெந்நீரில் அவித்துக் கவிழ்த்தது. மொத்தத்தையும் பாட்டிலோடு சூடாக்கினால் இன்னும் பத்திரம்தான், ஆனால் கஷ்டப்பட்டு ஐஸ் வாங்கிப் பிடித்த மணம் மறுபடி அவிந்த கீரையாகிவிடும். அதனால் ஃப்ரிட்ஜ். இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. அடைத்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

ருசி எப்படி என்றால், கூட்டிச் சொல்லாமல் சொல்கிறேன். தனியாகக் குடித்தால் தோல்வி. காரமும் மணமும் தனித்தனியாக வருகின்றன, நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆல்கஹால் நிரப்புகிற இடம் அது. சோடாவோடு கலந்தால் வாசனைச் சோடா. டானிக் தண்ணீரோடு கலந்தால் கதை மாறுகிறது. டானிக்கின் கசப்பு குயினைனிலிருந்து வருகிறது. அந்தக் கசப்பு பள்ளத்தை மூடிவிடுகிறது, குமிழியின் குத்தல் எரிச்சலுக்குத் துணை நிற்கிறது. நிஜ ஜின்னுக்கு ஒன்றுக்கு மூன்று ஊற்றுவேன். இதற்கு ஒன்றுக்கு ஒன்றரைதான், அதற்கு மேல் போனால் கரைந்து காணாமல் போகிறது. ஐஸ் நிறைய, எலுமிச்சைத் தோல் ஒரு சீவல், கிளாஸின் விளிம்பில் தேய்த்துவிட்டு உள்ளே. அந்தத் தோலின் பச்சை எண்ணெய்தான் வடிக்கும்போது நான் தொலைத்த லிமோனீனை மூக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் போடாமல் ஒருமுறை கொடுத்தேன், அறை எண் மூன்றில் தங்கியிருந்தவர் பாதியிலேயே வைத்துவிட்டார். போட்டுக் கொடுத்த அன்று இரண்டாவது கேட்டார்.

ஒருமுறை ஆசைப்பட்டு, கடற்கரை ஓரத்தில் பூத்திருந்த தாழம்பூ மடல் ஒன்றைச் சேர்த்து வடித்தேன். ஜூனிப்பர், ஏலம் எல்லாம் ஓடி ஒளிந்துகொண்டன. சீமந்த வீட்டுத் தலைப்பின்னலை நேராகக் கிளாஸில் ஊற்றியது மாதிரி. அந்தப் பாட்டிலை மனைவி பாயசத்துக்கு வைத்துக்கொண்டாள்.

கீழக்கரைச் சிநேகிதர் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார். என்னென்ன போட்டேன், எந்தப் பாத்திரத்தில் வடித்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏலக்காய் எசன்ஸ் ஏதாவது ஊற்றினாயா என்றும் கேட்டார். கடை எசன்ஸ்களில் சிலது ஆல்கஹாலில் கரைத்ததாக இருக்கும், அதை நான் யோசித்ததே இல்லை. நல்லவேளையாக ஊற்றவில்லை. ஒரு வாய் குடித்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. "கசக்குது, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றவர், கிளாஸைக் காலி செய்தார்.

சித்தப்பாவுக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன், டானிக் இல்லாமல் வெறுமனே. முகர்ந்தார், நாக்கில் வைத்தார்.

"டேய், இது ஓமத் தண்ணிக்கு ஒண்ணுவிட்ட தம்பிடா. எவ்வளவுக்கு விக்கிற?"

கிளாஸ் நூற்றைம்பது என்றேன். வாயில் இருந்ததைத் துப்பாமல் முழுங்கினார்.